ஜம்ப் ஸ்டார்ட்: கடைசி கிளிப்புக்கு மட்டும் ஏன் தனி இடம்?

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஐந்து நிமிடத்தில் ஐந்து பேர் கூடிவிடுவார்கள். பக்கத்துக் காரின் பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டி அதை எழுப்ப ஐந்து பேருக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய காலையிலும் அதுதான் நடந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. கறுப்பு ஒயரை முதலில் மாட்டச் சொன்னார் ஒருவர். இல்லை, சிவப்பு என்றார் இன்னொருவர். “எதை முதலில் மாட்டினால் என்ன சார், பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ், அவ்வளவுதானே” என்று வழக்கை முடித்துவைத்தார் மூன்றாமவர்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் முகத்தில் அமிலம் தெறிக்கும் ஆபத்து இருக்கிறது. அன்று அந்தக் கார் ஸ்டார்ட் ஆனது. அரை மணி நேரத்தில், மளிகைக் கடை வாசலில், மறுபடியும் படுத்துக்கொண்டது. கிளிப்புகளை எந்த வரிசையில் மாட்டுவது, ஜம்ப் கொடுத்த பிறகும் சில பேட்டரிகள் ஏன் எழுவதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரே கார் பதில் வைத்திருந்தது.

## மோட்டாருக்கு ஊற்றும் ஒரு குடம் தண்ணீர்

கிணற்று மோட்டார் காற்று வாங்கிவிட்டால் என்ன செய்வோம்? மேலே உள்ள மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, பிறகு சுவிட்சைப் போடுவோம். அந்தக் குடத்துத் தண்ணீர் தோட்டத்துக்குப் பாயப்போவதில்லை. மோட்டார் பிடித்து இழுக்க ஆரம்பிப்பதற்கு மட்டும்தான் அது. பிடித்துக்கொண்டால் மோட்டார் தானாகக் கிணற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

ஜம்ப் ஸ்டார்ட்டும் அதே வேலைதான். பக்கத்துக் காரின் பேட்டரியிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு மின்சாரம் கடன் வாங்கி, நின்றுபோன காரின் இன்ஜினைச் சுழற்றிவிடுகிறோம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும், அதோடு பெல்ட்டால் இணைந்த ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கிறது. (பழைய மெக்கானிக்குகள் அதை இன்னும் டைனமோ என்கிறார்கள்.) அதன் பிறகு காருக்கு வேண்டியதை அதுவே கொடுத்து, பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது.

ஆகவே ஜம்ப் என்பது இன்ஜினை எழுப்பும் வேலை. பேட்டரியைக் குணப்படுத்தும் வேலை அல்ல. ஃபுட் வால்வு ஒழுகும் மோட்டாருக்கு எத்தனை குடம் ஊற்றினாலும், நிறுத்தியவுடன் தண்ணீர் கீழே இறங்கிவிடும் அல்லவா? சில பேட்டரிகளின் கதையும் அதுதான்.

## கறுப்புப் பெட்டிக்குள் ஆறு அறைகள்

சாதாரணக் கார் பேட்டரிக்குள் ஆறு தனித்தனி அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஒரு செல். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். டார்ச் லைட்டில் கட்டைகளை வரிசையாகப் போடுவது போல ஆறும் தொடராக இணைந்திருப்பதால், முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

செல்லுக்குள் ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியே போகப் போக, அமிலத்தில் இருந்த கந்தகப் பகுதி தகடுகளில் போய் ஒட்டி, வெள்ளைப் படிவாக மாறுகிறது. அதன் பெயர் ஈய சல்பேட். அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏற்றும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்கும்: படிவு கரைந்து அமிலம் மறுபடி கெட்டியாகும். இந்த வெள்ளைப் படிவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வில்லனாக வரும்.

எதிர்வீட்டுக்காரர் காரில் நடந்தது இது. டிக்கிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே 5 வாட் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது இழுக்கும் மின்சாரம் சுமார் 0.4 ஆம்பியர்தான். ஆனால் அந்தச் சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது. அதாவது தொடர்ந்து ஓர் ஆம்பியர் எடுத்தால் 35 மணி நேரம் தாங்கும். 35-ஐ 0.4-ஆல் வகுத்தால் சுமார் 87 மணி. நான்கு நாள் முடிவதற்குள் கதை முடிந்துவிட்டது. மீதி ஆறு நாளும் அந்தப் பேட்டரி வற்றிப்போய்க் கிடந்திருக்கிறது.

## செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரிதானா?

இன்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் நாம் ‘செல்ஃப்’ என்கிறோம். சிறிய பெட்ரோல் காரில்கூட அது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டிக்கி விளக்கோடு ஒப்பிட்டால் சில நூறு மடங்கு. விளக்கை மங்கலாக எரியவைக்கும் பேட்டரியால் செல்ஃபைச் சுழற்ற முடியாமல் போவது இதனால்தான்.

ஜம்ப் கேபிளைத் தேடுமுன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால், பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனையில் இணைப்பு சரியில்லை. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து, ஒரே ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றால், கோளாறு ஸ்டார்ட்டர் பக்கம் இருக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுழன்றும் இன்ஜின் பிடிக்கவில்லையா? அது பெட்ரோல் அல்லது பற்றவைப்பின் தகராறு. ஜம்ப் கொடுத்துப் பயனில்லை.

பானெட்டைத் திறந்ததும் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், கிளிப்பின் பல் அந்தப் பொடியைத்தான் கடிக்கும், ஈயத்தைத் தொடாது. ‘ஜம்ப் எடுக்கவில்லை’ என்று கைவிடப்பட்ட பேட்டரிகளில் சில இந்தப் பொடியால் கெட்ட பெயர் வாங்கியவை.

பெட்டி உப்பியோ விரிசல் விட்டோ அமிலம் கசிந்தோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் அப்படியே.

## நான்கு கிளிப், நான்கு காரணம்

வரிசையை மனப்பாடம் செய்தவர்கள் பதற்றத்தில் மறந்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்தவர்களுக்கு மறக்காது. இரண்டே விஷயங்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது, இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனை காரின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ‘பாடி எர்த்’ என்று பெயர். அதாவது இன்ஜின், சேஸிஸ் எல்லாமே ஒரு பெரிய மைனஸ் முனை. பிளஸில் மாட்டிய ஒயரின் மறுநுனி காரின் எந்த இரும்பில் பட்டாலும் ஷார்ட் சர்க்யூட்.

இரண்டாவது, மின்சுற்று எந்த இடத்தில் முழுமை அடைகிறதோ அந்த இடத்தில் பொறி பறக்கும். முதல் மூன்று கிளிப்புகளை மாட்டும்போது சுற்று முழுமை அடைவதில்லை, பொறியும் இல்லை. நான்காவதுதான் பொறி தட்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். எனவே நான்காவது கிளிப் பேட்டரியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் நிற்கட்டும். தொட்டுக்கொண்டால் இரண்டு உடம்பும் ஏற்கெனவே இணைந்துவிடும். சிவப்பு ஒயரை மாட்டும்போதே பொறி வரும். இரண்டும் 12 வோல்ட் வண்டிகளாக இருக்க வேண்டும். லாரி, பஸ்களில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். நெடுஞ்சாலையில் நல்ல மனதோடு லாரிக்காரர் உதவிக்கு வந்தால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களிடமும் அவற்றின் கையேடு அனுமதிக்காமல் கடன் கேட்கக்கூடாது. இரண்டு இன்ஜினும் அணைந்திருக்கட்டும். ஏசி, விளக்கு எல்லாம் நிறுத்தி, கியர் நியூட்ரலில் அல்லது பார்க்கிங்கில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும்.

1. சிவப்பு கிளிப் ஒன்று, காலியான பேட்டரியின் பிளஸ் முனையில்.
2. சிவப்பின் மறுநுனி, நல்ல பேட்டரியின் பிளஸ் முனையில்.
3. கறுப்பு கிளிப் ஒன்று, நல்ல பேட்டரியின் மைனஸ் முனையில்.
4. கறுப்பின் மறுநுனி, நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் பூசாத கனமான இரும்பில். பேட்டரியிலிருந்து முடிந்தவரை தள்ளி.

ஏன் காலியான பக்கத்திலிருந்து ஆரம்பம்? முதல் கிளிப்பை மாட்டியதும் மறுநுனி உங்கள் கையில் தொங்குகிறது. அது தவறிப்போய் அந்தக் காரின் உடம்பில் பட்டாலும், பின்னால் இருப்பது செத்துப்போன பேட்டரி, பெரிதாகக் கடிக்காது. நல்ல பேட்டரியில் முதலில் மாட்டியிருந்தால், அந்தத் தொங்கும் கிளிப் வெல்டிங் ராடு மாதிரி.

நான்காவதற்கு இன்ஜினைத் தூக்குவதற்கென்று வைத்திருக்கும் இரும்புக் கொக்கி வசதியான இடம். பிளாஸ்டிக், பெட்ரோல் குழாய், சுழலும் பெல்ட், மின்விசிறி ஆகியவற்றின் பக்கம் போகவேண்டாம். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில் ஜம்ப் கொடுப்பதற்கென்றே பானெட்டுக்குள் தனி முனைகள் கொடுத்திருப்பார்கள். கையேடு காட்டும் இடம்தான் கடைசி வார்த்தை.

கழற்றுவது அப்படியே தலைகீழ். இன்ஜின் இரும்பில் இருக்கும் கறுப்பு முதலில். சுற்று உடையும் இடத்திலும் பொறி வரும், அதுவும் பேட்டரியிலிருந்து தள்ளியே வரட்டும். பிறகு நல்ல பேட்டரியின் கறுப்பு, நல்ல பேட்டரியின் சிவப்பு, கடைசியாக மற்ற சிவப்பு.

சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? இரண்டு பேட்டரிகளும் ஒன்றையொன்று சமன் செய்வதற்குப் பதிலாகச் சேர்ந்து தள்ளும். நடுவில் தடையாக வெறும் ஒயர். ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் மெயின் ஃபியூஸும் போகும், கெட்ட நேரமாக இருந்தால் கம்ப்யூட்டரும் போகும். ஒயரின் நிறத்தை நம்பாமல், பேட்டரியில் பொறித்திருக்கும் + − குறியைப் பார்த்து மாட்டுவதற்கு ஐந்து விநாடிதான் ஆகும்.

சுருக்கமாக: பிளஸ் இரண்டும் முதலில், அதிலும் காலியானது முன்னால், பிறகு நல்லதன் மைனஸ், பொறி வரும் கடைசி கிளிப் இன்ஜின் இரும்பில்.

## பத்து நிமிடம் பொறுமை

மாட்டி முடித்ததும் உதவிக்கு வந்த காரை ஸ்டார்ட் செய்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். உடனே சாவியைத் திருப்பத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். காத்திருப்பதற்குக் காரணம் கேபிளில் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் மலிவான ஜம்ப் கேபிள்கள் பார்வைக்குத் தடியாக இருக்கும். தடிமன் ரப்பரில்தான், உள்ளே செம்பு நூல் மாதிரி. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஆளுக்கு 3 மீட்டராக இரண்டு ஒயர் என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் முழுவதும் அதன் வழியாகவே போகவேண்டும் என்றால், ஏறக்குறைய 4 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். செல்ஃபுக்கு மிஞ்சுவது போதாது. அதே நீளத்தில் 16 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு சுமார் 1 வோல்ட்தான். மெல்லிய கேபிளோடு மாட்டிக்கொண்டவருக்குக் காத்திருப்புதான் வழி: அந்தப் பத்து நிமிடத்தில் காலியான பேட்டரி கொஞ்சம் வாங்கிக்கொண்டு, செல்ஃப் சுழலும்போது தன் பங்கையும் சேர்த்துக் கொடுக்கும்.

பிறகு ஐந்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காமல் முயலுங்கள். எடுக்கவில்லையென்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. கிளிப்போ ஒயரோ கையால் தொட முடியாதபடி சுட்டால் நிறுத்துங்கள்.

## வாங்கிக்கொள்ளாத பேட்டரிகள்

மளிகைக் கடை வாசலுக்கு வருவோம். அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார், ஆனாலும் மறுபடி ‘டிக் டிக்’. இரண்டாவது ஜம்ப் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பானெட்டைத் திறந்தபோது பேட்டரி வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. லேசாக முட்டை நாற்றம். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை வைத்தேன். 10.4 வோல்ட்.

அந்த எண்ணே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. ஐந்து செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் என்றால் 10.5. ஆறாவது செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. வற்றிப்போன பேட்டரியில் அமிலம் ஏறக்குறையத் தண்ணீர் ஆகிவிடும். அந்தத் தண்ணீரில் ஈயம் சிறிதளவு கரையும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அது தகடுகளுக்கு நடுவே உள்ள தடுப்பின் துளைகளில் நூல் போல வளர்ந்து, இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடும். ஆறு நாள் வற்றிக் கிடந்த, நான்கு வயதான பேட்டரிக்கு இப்படி நேர்வது அதிசயமல்ல.

ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. ஆறு செல்லுக்கு உரிய சுமார் 14 வோல்ட்டை அது ஐந்து செல்லுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது: செல்லுக்கு 2.8 வோல்ட். தாங்கவேண்டியது 2.4 அளவுதான். மிச்ச ஐந்தும் கொதித்து வாயு கக்குகின்றன. சூடும் நாற்றமும் அங்கிருந்து வந்தவை. இந்தப் பேட்டரிக்கு மறுபடி மறுபடி ஜம்ப் கொடுப்பது ஆபத்து.

எல்லாப் பேட்டரியும் இப்படிச் சாவதில்லை. மிகச் சாதாரணமான நோய் அந்த வெள்ளைப் படிவுதான். பேட்டரி வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தால், மென்மையாக இருந்த ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். உப்புத் தண்ணீர் ஊர்களில் வெந்நீர் ஹீட்டர் காயிலில் பாறை போல் பிடிக்குமே, அது மாதிரி. தகட்டின் பெரும்பகுதி மூடிவிடுவதால் சார்ஜ் நுழைய இடமில்லை. அதை அறிவது எளிது: சார்ஜரில் போட்டால் வோல்ட் சரசரவென்று 14-க்கு மேல் ஏறி ‘ஃபுல்’ என்று காட்டும், சார்ஜரை எடுத்து ஹெட்லைட்டைப் போட்டால் சரிந்துவிழும். டம்ளர் அளவுக்குச் சுருங்கிப்போன அண்டா அது. சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் தீரும்.

மூன்றாவது வகை ஏமாற்றுக்காரன். உள்ளே இரண்டு செல்களை இணைக்கும் ஈயப் பாலம் விரிசல் விட்டிருக்கும். மீட்டரில் 12.5 காட்டும். சாவியைத் திருப்பிய மறுகணம் மொத்தக் காரும் இருண்டுவிடும், விட்டால் திரும்ப வரும். மயிரிழையில் தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்பு வழியாக மீட்டருக்கு வேண்டிய துளி மின்சாரம் போகும். செல்ஃபுக்கு வேண்டிய வெள்ளம் போகாது. இப்படிப்பட்ட கார் ஜம்ப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதுதான் சங்கடம். கேபிளைக் கழற்றியதும் ஆல்டர்னேட்டரின் ஏற்றத்தாழ்வைத் தாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாத நிலை. வோல்ட் தாறுமாறாக எகிறி மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று பார்க்கும் பழைய வித்தையை இன்றைய காரில் செய்யக்கூடாது என்பதற்கும் இதே காரணம்.

இவை மூன்றும் இல்லாமல், வெறுமனே ஆழமாக வற்றியதால் அடம்பிடிக்கும் பேட்டரியும் உண்டு. அமிலம் மிகவும் நீர்த்துவிட்டதால் முதலில் மின்சாரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். தானியங்கி சார்ஜர்கள் சில, வோல்ட் மிகக் குறைவாக இருந்தால் ‘பேட்டரியே இல்லை’ என்று முடிவு செய்து நின்றுவிடும். இதைக் கடையில் கொடுத்து, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அளவில் (35-க்கு 3.5 ஆம்பியர்) ஓர் இரவு மெதுவாக ஏற்றச் சொன்னால் பிழைத்துவிடலாம். காரில் அரை மணி ஓட்டுவது அந்த வேலையைச் செய்யாது.

ஜம்ப் கொடுத்த எந்தக் காரையும் நான் இப்படித்தான் சோதிக்கிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி. முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு விட்டு, காலையில் 12.4-க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, செல்ஃப் சுழலும் கணத்தில் மீட்டரைக் கவனிப்பேன். 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரியை நம்பி ஊருக்குப் போகமுடியாது.

எதிர்வீட்டுக்காரரின் பேட்டரிக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவைப்படவில்லை. மறுநாள் காலை மீட்டரில் 10.3. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கி வந்தார், பழைய ஈயத்துக்கு விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்களாம். மாட்டி முடித்ததும் அவர் செய்த முதல் வேலை, டிக்கியைச் சாத்திவிட்டுப் பின்கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தது. விளக்கு அணைந்திருந்தது.